பினாங்குக்குத் தனியாகப் பஸ் ஏறும் தோழிக்கு

என் அலுவலகத் தோழி தைப்பூசத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிறாள். தனியாக, இரவுப் பஸ்ஸில். நல்லபடியாகப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வாம்மா என்று வாழ்த்தி அனுப்பலாம். ஆனால் போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் அதே பாதையில் எனக்கு நடந்ததைச் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. அவளைப் போல் பஸ் ஏறப்போகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

இணையத்தில் ஒரு முகவரிடம் டிக்கெட் எடுத்தேன். "சிங்கப்பூர் – பினாங்கு, நேரடிப் பஸ்" என்று போட்டிருந்தார்கள். பீச் ரோட்டுப் பக்கம் ஏறினோம். சிங்கப்பூர் குடிநுழைவில் பெரிய பைகள் பஸ்ஸிலேயே இருந்தன. மலேசியப் பக்கம் எல்லாப் பைகளையும் இறக்கி, ஸ்கேன் இயந்திரத்தில் விட்டு எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதுவரை எல்லாம் சரிதான்.

பிறகுதான் கதை. பஸ் நேராக நெடுஞ்சாலைக்குப் போகாமல் ஜொகூர் பாருவின் லார்கின் நிலையத்துக்குள் நுழைந்தது. "இறங்குங்க, பஸ் மாறணும்" என்றார் ஓட்டுநர். ஆள் குறைவாக இருந்தால் இரண்டு நிறுவனங்களின் பயணிகளை ஒரே வண்டியில் திணிப்பது நடக்கிற விஷயம் என்று பக்கத்தில் இருந்த மலேசியக்காரர் சொன்னார். இரண்டாவது பஸ்ஸின் நிறுவனம் வேறு, நம்பர் பலகை வேறு. முன்கண்ணாடியில் "பட்டர்வொர்த்" என்று இருந்தது. நான் டிக்கெட்டைக் காட்டினேன். "பினாங்குதான், ஏறுங்க" என்றார்கள்.

பட்டர்வொர்த் பினாங்கு மாநிலம்தான், பொய் இல்லை. ஆனால் அது நிலப்பகுதி. ஜார்ஜ் டவுனும் தண்ணீர்மலையும் தீவில் இருக்கின்றன, நடுவே கடல். தீவில் வெளியூர்ப் பஸ் நிற்கும் நிலையம் சுங்கை நிபோங். பட்டர்வொர்த்தில் நிற்பது பினாங்கு சென்ட்ரல். டிக்கெட்டில் "பினாங்கு" என்று மட்டும் போட்டுவிட்டால் எங்கே இறக்கினாலும் சொன்னதைச் செய்ததாக அவர்கள் வாதாடலாம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே எங்களை இறக்கிவிட்டார்கள். படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது, கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் அந்த நேரத்தில் படகு ஓடாது. நான் கடை திறக்கும்வரை ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்துவிட்டேன். தனியாக நின்ற ஓர் இளம்பெண்ணை இரண்டு வாடகைக் கார்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு பாலத்தைத் தாண்ட ஆளுக்கொரு விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் தோழியை நினைத்தால் அந்தக் காட்சிதான் வருகிறது.

அதனால் அம்மா, பணம் கட்டுவதற்கு முன்பே முகவரிடம் வாட்ஸ்அப்பில் கேள்: "எந்த நிலையத்தில் இறக்குவீர்கள்? சுங்கை நிபோங்கா, பட்டர்வொர்த்தா? வழியில் பஸ் மாறுமா? எந்த நிறுவனத்தின் பஸ்?" பதில் எழுத்தில் வரவேண்டும். தொலைபேசியில் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். "பினாங்கு" என்று மட்டும் பதில் வந்தால் வேறு நிறுவனத்தைப் பார். ஏறியதும் நம்பர் பலகையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. குடிநுழைவில் ஒரே மாதிரிப் பஸ்கள் வரிசையாக நிற்கும், உனக்கும் அது உதவும். வரிசை நீண்டு, நீ வெளியே வர நேரமானால் பஸ் காத்திருக்கும் என்று நம்பாதே. ஓட்டுநர் எண்ணையும் வாங்கிவைத்துக்கொள்.

நேரத்தையும் பார். தூரம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கூட்டம் இல்லாத நாளில் ஒன்பது, பத்து மணி நேரத்தில் போய்விடும். ஆகவே மாலையில் ஏறினால் நள்ளிரவு தாண்டிய வேளையில் இறங்கவேண்டிவரும். இரவு பத்து மணிக்கு மேல் கிளம்பும் பஸ் நல்லது, விடிந்தபிறகுதான் போய்ச்சேரும். தைப்பூசம் பினாங்கில் பொதுவிடுமுறை, சிங்கப்பூரில் இல்லை. அங்கே கூட்டம் உச்சத்தில் இருக்கும், டிக்கெட்டும் முன்கூட்டியே தீரும். அதைச் சாக்காக வைத்து "இது ஒன்றுதான் பாக்கி" என்று அவசரப்படுத்துவார்கள்.

என் பணத்துக்கு என்ன ஆச்சு? முகவர் பஸ் நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார், நிறுவனம் முகவரைக் கேட்கச் சொன்னது. இரண்டாவது பஸ்ஸின் படமும், டிக்கெட்டும், விளம்பரத்தின் திரைப்பிடிப்பும் கையில் இருந்ததால் கார்டு கொடுத்த வங்கியிடம் தகராறு பதிவு செய்திருக்கிறேன். அங்கே நடக்காவிட்டால் முகவர் சிங்கப்பூரில் பதிவானவர் என்பதால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது; தனிநபர் 5,000 வெள்ளிக்குள் கேட்டால் பதிவுக் கட்டணம் 10 வெள்ளி. டிக்கெட் விலையைப் பார்த்தால் அது பெரிய தொகைதான், ஆனாலும் போடுவேன். முடிவு வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.