படிப்பு விடுப்பு கேட்கும்போது வகுப்புகளை யாரிடம் விடுவது: சக ஆசிரியரிடமா, தற்காலிக விரிவுரையாளரிடமா?

படிப்பு விடுப்பு விண்ணப்பத்தில் நோக்கத்தையும் காலத்தையும் எழுதுவது எளிது. "உயர்கல்விக்காக" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், ஆய்வேட்டில் எந்த இயல் பாக்கி, எந்த ஆய்வகத்தில் எந்த அளவீடு மிச்சம் என்று சொல்லி, நெறியாளரின் கடிதத்தை இணைத்தால் போதும். விடுப்பைப் பருவத்தோடு சேர்த்துத் தொடங்கி, பருவத்தோடு முடிக்க வேண்டும். ஆகஸ்டில் தொடங்கி ஜனவரியில் முடிந்தால் இரண்டு பருவங்களும் கெடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் குறைந்தது மூன்று ஆண்டு தொடர் பணியையும் முழுமையான வேலைத் திட்டத்தையும் கேட்கின்றன. உங்கள் நிர்வாகம் அதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

விண்ணப்பம் மேசையில் தேங்குவது மூன்றாவது பத்தியால்தான்: வகுப்புகளுக்கு என்ன ஏற்பாடு?

வழிகள் இரண்டு. துறையில் இருப்பவர்களே பாடவேளைகளைப் பகிர்ந்துகொள்வது ஒன்று. தற்காலிக விரிவுரையாளர் ஒருவரை நியமிக்கக் கேட்பது மற்றொன்று. சென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தும் நான் ஒரு பருவ விடுப்புக்கு முதல் வழியையே எழுதினேன். மறுபடி கேட்டாலும் அதையே எழுதுவேன்.

இரண்டாவது வழிக்கும் நியாயம் உண்டு. உதவிப் பேராசிரியருக்கு வாரம் பதினாறு மணி நேரம் பாடம். ஏற்கெனவே அவ்வளவு சுமப்பவர்களின் தலையில் நம்முடையதையும் ஏற்றுவது உறுத்தும். புதிதாக வருபவர் முனைவர் பட்டமோ தகுதித் தேர்வோ முடித்த உற்சாகமான இளைஞராக இருந்தால், மாணவர்களுக்கு அது நல்லதாகவே அமையலாம்.

ஆனாலும் என்னைத் தீர்மானிக்க வைத்தது அகமதிப்பீடு. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்த எங்களைப் போன்ற கல்லூரியில் ஒரு தாளின் நூறு மதிப்பெண்ணில் இருபத்தைந்து கல்லூரிக்குள்ளேயே போடப்படுகிறது. தேர்வு, ஒப்படைப்பு, வருகை எல்லாம் அதற்குள் வரும். அந்த மதிப்பெண்ணுக்குக் கையெழுத்திட்டவர், பருவம் முடிந்த பிறகு மாணவர் வந்து கேட்டாலும் விளக்கம் சொல்ல அங்கே இருக்க வேண்டும். தற்காலிக விரிவுரையாளருக்கு நிரந்தர வேலை கிடைத்தால் அக்டோபரிலேயே போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பாதி மதிப்பெண் அவர் கையெழுத்தில், மீதி வேறொருவர் கையெழுத்தில் என்று பதிவேடு நிற்கும்.

மழையும் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்த நாட்களுக்கெல்லாம் சனிக்கிழமை ஈடுகட்டும் வகுப்பு வைக்க வேண்டும். காலை ஷிப்டில் ஒரு கல்லூரி, மாலை ஷிப்டில் இன்னொரு கல்லூரி என்று ஓடுபவரை அந்தச் சனிக்கிழமைக்குப் பிடிப்பது கடினம்.

என் பங்கு இப்படி இருந்தது: மூன்றாம் ஆண்டுத் தாள் ஐந்து மணி, இரண்டாம் ஆண்டுத் தாள் ஐந்து மணி, செய்முறை ஆறு மணி. அலகுவாரியாகப் பிரித்து, முதல் இரண்டு அலகு ஒருவருக்கு, மீதி மூன்று இன்னொருவருக்கு என்று கொடுப்பதே வழக்கம். பார்வைக்கு நியாயமான பங்கீடு. ஆனால் தேர்வு வினாத்தாளை யார் எடுப்பது, ஒப்படைப்பை யார் திருத்துவது என்ற கேள்வி நடுவில் விழுந்துவிடும். ஆகவே தாளை உடைக்காமல் முழுதாக ஒருவரிடமே கொடுத்தேன். செய்முறையை மட்டும் இரண்டு குழுவாக்கி, மூன்று மூன்று மணியாக வேறு இருவருக்கு. பதிவு நோட்டில் அந்தந்த வாரமே கையெழுத்து வாங்குவது மாணவர் பொறுப்பு. இல்லாவிட்டால் கடைசி வாரம் ஆய்வக வாசலில் வரிசை நிற்கும்.

"ஐந்து மணி நேரம் கூடுதல் என்பது சும்மா இல்லை சார், டிசம்பரில் எனக்கு எதை எடுத்துக்கொள்வீர்கள்?" என்று மூன்றாம் ஆண்டுத் தாளை ஏற்ற மேடம் நேராகவே கேட்டார். இந்த வழியின் விலை அதுதான். அடுத்த பருவத்தில் அவருடைய ஒரு தாளை நான் எடுப்பதாக விண்ணப்பத்திலேயே எழுதினேன். வாய்ப்பேச்சில் விட்டால் கால அட்டவணை போடும் நாளில் மனக்கசப்பு வரும். பத்தி இப்படி இருந்தது:

"மேற்கண்ட பாடவேளைகளை ஏற்க இசைந்த நால்வரின் கையெழுத்து இணைப்பில் உள்ளது. ஒவ்வொரு தாளின் அகமதிப்பீட்டுக்கும் அத்தாளை நடத்துபவரே பொறுப்பு. ஈடாக இரட்டைப்படைப் பருவத்தில் நான் ஏற்கும் பாடவேளைகளும் உடன் குறிப்பிடப்பட்டுள்ளன."

ஒரு பருவத்துக்கு மேல் நான் விடுப்பில் இருந்ததில்லை. இரண்டு ஆண்டு கேட்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்பது சந்தேகம்தான்; அவ்வளவு காலம் யாரும் இருபத்தோரு மணி நேரம் சுமக்க மாட்டார்கள். மூன்று பேரே இருக்கும் சிறிய துறையிலும் தற்காலிக நியமனம்தான் வழி. அப்போதும் அகமதிப்பீட்டுக்குப் பொறுப்பாக நிரந்தர ஆசிரியர் ஒருவரின் பெயரை ஒவ்வொரு தாளுக்கும் எதிரே எழுதிவிடுவது நல்லது.