ஒரே ரூல் பட்டியல், மூன்று வாசிப்பு: ஃபயர்வாலில் உண்மையில் எது போகிறது?

பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலின் LAN டேபை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாரோ அனுப்புகிறார்கள். கூடவே ஒரு கேள்வி: ".70 மெஷினிலிருந்து டேட்டாபேஸுக்கு பச்சை டிக் போட்டிருக்கே, ஏன் கனெக்ட் ஆகல?" பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது. அதை எடுக்க மூன்று வழிகள் உண்டு: பாக்கெட்டோடு சேர்ந்து மேலிருந்து கீழே இறங்குவது, ரூல்களை ஜோடி ஜோடியாக ஒப்பிடுவது, கவுண்ட்டரைப் பார்ப்பது. மூன்றையும் ஒரே பட்டியலில் ஓட்டிப் பார்த்தால் எது எங்கே ஏமாற்றும் என்பது தெரியும்.

உதாரணப் பட்டியல் இது. LAN என்பது 192.168.10.0/24, சர்வர்கள் இருப்பது 192.168.20.0/24. இரண்டுக்கும் நடுவில் ஃபயர்வால்.

```
#  Action Proto Source            Destination      Port
1  Pass   TCP   LAN net           192.168.20.0/24  443
2  Block  any   192.168.10.64/26  any              any
3  Pass   TCP   LAN net           192.168.20.10    443
4  Pass   TCP   192.168.10.70     192.168.20.15    3306
5  Block  TCP   LAN net           192.168.20.0/24  22
6  Pass   TCP   192.168.10.5      192.168.20.0/24  22
7  Pass   UDP   LAN net           any              53
8  Pass   any   LAN net           any              any
```

வரிசை எண்கள் நாம் போட்டவை. இந்த டேபில் உள்ள ரூல்கள் LAN வழியாக ஃபயர்வாலுக்குள் நுழையும் பாக்கெட்டுக்கு மட்டும்தான். மேலிருந்து பார்த்து, முதலில் பொருந்துகிற ரூல் முடிவு சொல்லிவிடும். அதற்குக் கீழே இருப்பவற்றை அந்தப் பாக்கெட் தொடுவதே இல்லை. எதுவும் பொருந்தாவிட்டால் தடை. பதில் பாக்கெட்டுகளுக்குத் தனி ரூல் வேண்டாம், திறந்திருக்கும் இணைப்புகளை நினைவில் வைத்திருக்கும் ஸ்டேட் டேபிள் பார்த்துக்கொள்ளும்.

பாக்கெட்டோடு இறங்குவது

கேள்வி ஒரு குறிப்பிட்ட இணைப்பைப் பற்றியது என்றால் இதுதான் மிக வேகமான வழி. 192.168.10.70-இலிருந்து, டேட்டாபேஸ் இருக்கும் 192.168.20.15-இன் 3306 போர்ட்டுக்கு ஒரு பாக்கெட். ரூல் 1 பார்ப்பது 443-ஐ மட்டும், எனவே பொருந்தாது. ரூல் 2-இல் மூலம், அதாவது Source, 192.168.10.64/26. இங்கேதான் கண் வழுக்கும். /26 என்றால் 64 முகவரிகள், அதாவது .64 முதல் .127 வரை. .70 அதற்குள் அடக்கம். தடை, கதை முடிந்தது. ரூல் 4-இன் பச்சை டிக்கை இந்தப் பாக்கெட் பார்க்கவே இல்லை.

கேள்வி கேட்டவர் இதோடு திருப்தி அடைந்துவிடுவார். ஆனால் அதே இடத்துக்கு இன்னொரு பாக்கெட்டையும் அனுப்பிப் பார்ப்பது நல்லது: .30-இலிருந்து, அதே டேட்டாபேஸ், அதே 3306. ரூல் 1 இல்லை. ரூல் 2 இல்லை, .30 அந்த /26-க்கு வெளியே. 3 முதல் 7 வரை எதுவும் பொருந்தவில்லை. ரூல் 8: எல்லாவற்றுக்கும் அனுமதி. ஆக, டேட்டாபேஸுக்கு .70 மட்டும் போகட்டும் என்று எழுதிய பட்டியலில், .70 போக முடியாது. அந்த /26-க்கு வெளியே இருக்கும் எல்லோரும் போகலாம். எண்ணியதற்கு நேர் தலைகீழ். .70-ஐ மட்டும் சோதித்துவிட்டு ரூலை மேலே நகர்த்தியிருந்தால், இந்த ஓட்டை அப்படியே நின்றிருக்கும். அனுமதிக்கப்பட வேண்டிய மெஷின் ஒன்று, தடுக்கப்பட வேண்டிய மெஷின் ஒன்று என்று எப்போதும் இரண்டு பாக்கெட் அனுப்ப வேண்டும் என்பது இதனால்தான்.

நிர்வாகியின் .5-உம் இப்படித்தான் மாட்டுகிறது. SSH-க்கு அவருக்கு ரூல் 6 உண்டு. ஆனால் ரூல் 5 மொத்த LAN-ஐயும் 22-இல் தடுத்துவிடுகிறது.

இந்த முறையின் பலவீனமும் வெளிப்படை. நாம் நினைத்துப் பார்த்த பாக்கெட்டுக்குத்தான் பதில் கிடைக்கும். நினைக்காத பாக்கெட் நினைக்காததாகவே இருந்துவிடும். தேவையில்லாத ரூல் எது என்பதையும் இது சொல்லாது.

சில நிறுவனங்களின் ஃபயர்வால்களில் இந்த வேலைக்குக் கருவியே உண்டு. சிஸ்கோ ஏஎஸ்ஏவில் `packet-tracer`, ஃபோர்ட்டிகேட்டில் பாலிசி லுக்அப். ஆனால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் கையில் இருந்தால் பென்சில்தான்.

ஜோடி ஜோடியாக ஒப்பிடுவது

2004 வாக்கில் ஆய்வாளர்கள் எஹாப் அல்-ஷாயெரும் ஹாஸெம் ஹமெதும் ரூல் முரண்களை வகைப்படுத்திய பிறகு பல ஆய்வுக் கருவிகளும் பின்பற்றுவது இந்த வழியைத்தான். இரண்டு ரூல்களை எடுத்து, புரோட்டோகால், மூலம், இலக்கு, போர்ட் என ஒவ்வொரு கட்டமாக ஒப்பிட வேண்டும். ஏதாவது ஒரு கட்டம் ஒன்றையொன்று தொடவே இல்லை என்றால் அந்த ஜோடியை விட்டுவிடலாம். 8 ரூல்களுக்கு 28 ஜோடிகள். இந்தப் பட்டியலில் போர்ட் கட்டமும் மூலக் கட்டமுமே பாதியை உதிர்த்துவிடுகின்றன, 14 மிஞ்சும். அதில் விஷயம் உள்ளவை சில.

2-4: நான்காவது முழுக்க இரண்டாவதுக்குள் அடங்குகிறது, செயல் மட்டும் எதிர். இது மறைக்கப்பட்ட ரூல். 5-6-உம் அதே வகை. இவற்றை அழித்தால் போக்குவரத்தில் எந்த மாற்றமும் வராது. ஆனால் அழிப்பது தீர்வு அல்ல; எழுதியவர் இவை வேலை செய்ய வேண்டும் என்று நினைத்துத்தானே எழுதினார். இடம்தான் தப்பு.

1-3: மூன்றாவதும் முழுக்க முதலாவதுக்குள், செயலும் ஒன்றே. இது வெறும் மிகை. தாராளமாக அழிக்கலாம்.

7-8: இங்கே சிறியது மேலே, பெரியது கீழே, இரண்டும் அனுமதி. நடுவில் குறுக்கிடும் தடை எதுவும் இல்லை. எனவே ஏழாவதும் மிகைதான், அதில் தனி கேட்வேயோ தனி லாக்கிங்கோ இல்லாதவரை.

1-8 இதேபோலத்தான் தெரியும், ஆனால் வேறு. முதலாவது எட்டாவதுக்குள் அடக்கம், இரண்டும் அனுமதி. "அப்போ 1-உம் வேண்டாம்" என்று அவசரப்பட்டால் வம்பு. நடுவில் ரூல் 2 என்ற தடை நிற்கிறது. ரூல் 1-ஐ எடுத்தால் .64/26-இல் உள்ளவர்கள் சர்வர்களின் 443-ஐ இழந்துவிடுவார்கள். மேலே இருக்கும் சிறிய ரூல் மிகையா என்று பார்க்கும்போது, அதற்கும் கீழே உள்ள பெரிய ரூலுக்கும் இடையில் இருக்கும் ஒவ்வொரு எதிர்ச் செயல் ரூலையும் சோதித்தே ஆக வேண்டும். கையால் சுத்தம் செய்யும்போது அதிகம் தவறுவது இந்த இடம்தான்.

1-2 ஜோடியில் எதுவும் எதற்குள்ளும் அடங்கவில்லை; ஒரு பகுதி மட்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுகிறது. வரிசையை மாற்றினால் முடிவு மாறும். இந்த இரண்டில் எது நோக்கம் என்று பட்டியலால் சொல்ல முடியாது.

முழுமை என்று பார்த்தால் மூன்றில் இதுவே முதலிடம். சிக்கல், எண்ணிக்கை. 60 ரூல் என்றால் 1770 ஜோடிகள். கையால் ஆகாது, ஸ்கிரிப்ட் வேண்டும். அதற்கு ஸ்கிரீன்ஷாட் போதாது, கான்ஃபிக் ஃபைலைக் கேட்டு வாங்குவதே நேரம் மிச்சம். இன்னொன்று, மூலம் என்ற இடத்தில் 192.168.10.64/26-க்குப் பதில் ஒரு அலியாஸ் பெயர் இருந்தால் ஒப்பிடவே முடியாது. அலியாஸின் உள்ளடக்கம் மவுஸை மேலே வைத்தால்தான் திரையில் வரும், படத்தில் வராது.

கவுண்ட்டர்

பிஎஃப்சென்ஸில் ஒவ்வொரு ரூலுக்கும் States என்று ஒரு பத்தி உண்டு. கன்சோலில் இன்னும் விவரமாகப் பார்க்க:

```
pfctl -vvsr
```

மூன்றில் இதற்குத்தான் உழைப்பே இல்லை, அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கும். நம் பட்டியலில் 3, 4, 6 மூன்றும் பூஜ்யத்தில் நிற்கும். ஆனால் இந்த மூன்று பூஜ்யங்களுக்கும் வைத்தியம் வேறு: 3-ஐ அழிக்க வேண்டும், 4-ஐயும் 6-ஐயும் மேலே நகர்த்த வேண்டும். கவுண்ட்டர் அந்த வேறுபாட்டைச் சொல்லாது. "பூஜ்யமா இருக்கு, தூக்கிடலாம்" என்று மூன்றையும் தூக்கினால் தப்பான இடத்தில் சுத்தம் செய்தோம் என்று அர்த்தம்.

ரூல் 7-இல் ஏமாற்றம் இன்னும் அதிகம். அந்த /26-க்கு வெளியே உள்ளவர்கள் வெளி DNS-க்கோ ஃபயர்வாலின் DNS-க்கோ அனுப்பும் கேள்விகள் அதில்தான் முதலில் படும், எண் நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருக்கும். பார்த்தால் ரொம்ப முக்கியமான ரூல் போலத் தெரியும். எடுத்துவிட்டால் அதே கேள்விகள் ரூல் 8 வழியாகப் போகும், யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, ரீபூட் ஆனால் எண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓடும் பேக்கப் ரூலும் ஆண்டில் பெரும்பாலான நாள் செத்த ரூல் போலவே இருக்கும். மற்ற இரண்டு வழிகளில் வந்த முடிவுக்குச் சாட்சியாக இதை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

மூன்றுக்கும் தெரியாதவை

Floating டேபில் quick என்று குறித்த ரூல்கள் LAN டேபுக்கு முன்பே முடிவு சொல்லிவிடும். அந்த டேபின் படமும் கேட்டு வாங்க வேண்டும். மங்கலாகத் தெரியும் வரி செயலிழக்கச் செய்த ரூல். மங்கலான படத்தில் அது உயிருள்ளதாகவே தோன்றும். LAN டேபின் உச்சியில் வரும் Anti-Lockout வரியை ஆட்கள் படத்திலிருந்து வெட்டிவிடுவது வழக்கம். அது இருந்தால், ரூல் 2-இல் அடைபட்ட மெஷின்களும் ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கலாம். .70-இலிருந்து .5-க்குப் போவதைப் பற்றி இந்தப் பட்டியல் எதுவும் சொல்லவில்லை. ஒரே சப்நெட்டுக்குள் ஸ்விட்ச் வழியாகவே போய்விடும்.

இவ்வளவையும் சேர்த்தால், கேட்டவருக்கு எழுத வேண்டிய பதில் சிறியது. .64 முதல் .127 வரை உள்ளவர்களுக்கு சர்வர்களின் 443 மட்டும் உண்டு. அதையும் பெயரால் திறக்க முடியாது, ஏனென்றால் அவர்களின் DNS-ஐயும் ரூல் 2 தடுக்கிறது. மற்ற எல்லோருக்கும், டேட்டாபேஸ் உட்பட, எல்லாம் திறந்திருக்கிறது. சர்வர்களின் 22 மட்டும் மூடியிருக்கிறது, நிர்வாகிக்கும்தான்.

திருத்திய வரிசை:

```
1  Pass   TCP   192.168.10.5      192.168.20.0/24  22
2  Pass   TCP   192.168.10.70     192.168.20.15    3306
3  Pass   TCP   LAN net           192.168.20.0/24  443
4  Block  any   192.168.10.64/26  any              any
5  Block  any   LAN net           192.168.20.0/24  any
6  Pass   any   LAN net           any              any
```

ஐந்தாவது புதியது; தலைகீழாகிப்போன டேட்டாபேஸ் அனுமதியை நேராக்குவது அதுதான். DNS சர்வர் 20 நெட்வொர்க்கில் இருந்தால் அதற்கு ஒரு அனுமதியை ஐந்தாவதுக்கு மேலே வைக்க வேண்டும்.

மாற்றிய பிறகு .70-இலிருந்தும் .30-இலிருந்தும் `nc -vz 192.168.20.15 3306` ஓட்டிப் பாருங்கள். முதலாவது இணைய வேண்டும், இரண்டாவது தோற்க வேண்டும். புதிய தடை, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளை வெட்டாது. .30-இல் முன்பே டேட்டாபேஸைத் திறந்து வைத்திருப்பவர் அப்படியே வேலை பார்த்துக்கொண்டிருப்பார், "ரூல் வேலை செய்யல" என்ற அடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் வரும். Diagnostics > States-இல் அந்த முகவரியின் ஸ்டேட்களை நீக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

திருத்திய வரிசையின் 3-ஐயும் 4-ஐயும் இப்படியே விடுவதா, மாற்றி வைப்பதா என்பது, அந்த /26-இல் இருப்பவர்கள் யார் என்று தெரிந்த ஒருவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.