மெத்தைக்கு ‘மீடியம்’னு எழுதுறதா, நம்பர் போடுறதா, படுத்தா எப்படி இருக்கும்னு எழுதுறதா?

மதுரை பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மெத்தைக் கடைல பதினோரு வருஷமா நிக்கிறேன், மெத்தை மேல ஒட்டுற சீட்டு எழுதுறது, வாட்ஸப் கேட்லாக்ல விவரம் போடுறது எல்லாம் நான்தான். திரும்பி வந்த மெத்தைகள எடுத்துப் பாத்தா நெறையதுல மெத்தைல கோளாறே இல்ல, சீட்டுல நாங்க எழுதுன வார்த்தைலதான் கோளாறு.

ஒண்ணு சொல்றேன். போன சித்திரைல திருமங்கலத்துல இருந்து புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு வந்தாய்ங்க. 6 இன்ச் மெத்தை, கீழ 4 இன்ச் பியூ ஃபோம், மேல 2 இன்ச் மெமரி ஃபோம், சீட்டுல ‘மீடியம்’. கடைல ரெண்டு பேரும் படுத்துப் பாத்துட்டு நல்லாருக்குன்னுதான் எடுத்துட்டுப் போனாய்ங்க. பத்தாவது நாள் அண்ணே போன் பண்றாரு, “தம்பி, மீடியம்னு சொன்னீங்க, இது குழிக்குள்ள படுத்த மாதிரி இருக்கு, காலைல இடுப்பத் தூக்க முடியல”ங்கிறாரு. பின்னாடியே அக்கா சத்தம் கேக்குது, “எனக்கு ஒண்ணும் தெரியலயே, நல்லாத்தான இருக்கு”ன்னு.

ரெண்டு பேரு சொன்னதும் உண்மை. அண்ணே 88 கிலோ, அக்கா 50 கிலோ. ஒரே ஃபோம்தான், ஆனா கனமான ஆளு படுத்தா இன்னும் அதிகமா உள்ள போகும், அதுனால அவருக்கு அது சாஃப்ட், அக்காவுக்கு அது மீடியம். இன்னொன்னும் இருக்கு, மெமரி ஃபோம் சூடு பட்டா இளகும், குளுந்தா இறுகும். எங்க ஷோரூம்ல ஏசில படுத்தப்ப இருந்த கெட்டி, அவுக வீட்டு மொட்டமாடிக்குக் கீழ உள்ள ரூம்ல சித்திரை மாசத்து ராத்திரில இல்ல.

அதுக்கப்புறம்தான் ஒரே மெத்தைய மூணு விதமா எழுதிப் பாத்தோம்.

மொத விதம், எல்லாக் கடைலயும் இருக்கிற சாஃப்ட், மீடியம், ஹார்ட். சுருக்கமா இருக்கு, கேட்ட உடனே புரிஞ்ச மாதிரியும் இருக்கு, ஆனா ஆளுக்கு ஆள் வேற வேற புரியுது. நம்ம பக்கம் பெரியவுக பூராம் போடிப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தைல படுத்து வளந்தவுக. அது புதுசுல உப்பி இருக்கும், கொஞ்ச வருஷத்துல அமுங்கி கட்டி கட்டியா ஆயிரும், மறுபடி பஞ்ச அடிச்சுப் போடணும். அவுகளுக்கு சாஃப்ட்னா புதுசா அடிச்ச பஞ்சு, ஹார்ட்னா தரைல பாய். அவுக பேரன் ஹோட்டல்ல படுத்துட்டு வந்து சாஃப்ட் கேக்குறான், அவன் மனசுல இருக்கிறது வேற. இதுல ‘ஆர்த்தோ’ன்னு ஒரு வார்த்த வேற. அதப் போடுறதுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட அளவுன்னு ஒண்ணும் கெடையாது, பொதுவா கெட்டியான மெத்தைக்குப் போடுறாய்ங்க, முதுகு வலி உள்ளவுக மருந்து மாதிரி நம்பி வாங்குறாக. ஒல்லியா, ஒருக்களிச்சுப் படுக்கிற ஆளுக்கு அதே கெட்டி மெத்தை தோளுல குத்தி கை மரத்துப் போயிரும். அதுனால அந்த வார்த்தைய நான் எழுதுறத விட்டுட்டேன்.

ரெண்டாவது, பத்துக்கு ஆறு, பத்துக்கு ஏழுன்னு நம்பர். பாக்க துல்லியமா இருக்கு. ஆனா அந்த ஆறு ஒவ்வொரு கம்பெனியும் தானா வச்சுக்கிறது, ஒரு கம்பெனி 6 இன்னொரு கம்பெனிக்கு 8 ஆ இருக்கலாம். ஃபேக்டரில நெசமாவே அளக்க வழி இருக்கு, வட்டத் தகட்ட வச்சு ஃபோம அதோட தடிமன்ல கால்வாசி அமுக்க எவ்வளவு பலம் வேணும்னு பாப்பாய்ங்க. அது ஒத்தை ஃபோமுக்கு சரி, நாலு லேயரு, மேல துணி, தையல் எல்லாம் சேந்த முழு மெத்தைல படுக்கிறவருக்கு அந்த எண்ண வச்சு ஒண்ணும் தெரியாது. நம்பருக்கு ஒரே ஒரு இடத்துல நான் மார்க் குடுப்பேன், எங்க கடைல இருக்கிற மெத்தைகளையே வரிசைப்படுத்த. இத விட அது கெட்டின்னு சொல்ல அது போதும்.

மூணாவதுதான் எனக்குப் புடிச்சது, ஒடம்ப வச்சு எழுதுறது. “60 கிலோவுக்குள்ள இருந்தா மெத்தைக்கு மேல படுத்த மாதிரி இருக்கும், 80க்கு மேலன்னா இடுப்பு உள்ள எறங்கும்.” இது நீளம், ஃபோன் ஸ்க்ரீன்ல ரெண்டு வரி புடிக்கும், இருந்தாலும் படிக்கிற ஆளு தன் எடைய வச்சு தானே முடிவு பண்ணிக்கிறாரு. கூடவே ஒரு சோதனையும் எழுதுறோம்: மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடில கைய விடுங்க, கை தாராளமா போயி இடைவெளி மிச்சம் இருந்தா உங்களுக்கு அது ரொம்ப கெட்டி, கையே நொழையாம இடுப்பு புதைஞ்சு கெடந்தா ரொம்ப சாஃப்ட். அஞ்சு நிமிஷமாவது படுத்துட்டு செய்யணும், மெமரி ஃபோம் ஒடம்புச் சூட்டுல இளக அந்த நேரம் வேணும்.

மெத்தையோட தடிமனுக்கு வருவோம். ‘8 இன்ச்’னு பெருசாப் போட்டா சொகுசுன்னு எல்லாரும் நெனைக்கிறாக. மேல உள்ள 2 இன்ச்தான் ஒடம்புல படுறது, கீழ உள்ளது தாங்குறதுக்கு. அதுனால “8 இன்ச்”ங்கிறத விட “கீழ 6, மேல 2”ங்கிறது நேர்மையான எழுத்து. ரொம்ப மெலிசான சாஃப்ட் ஃபோம்னா கனமான ஆளுக்கு அடில கட்டில் பலகை தட்டும், அது உண்மைதான். ஆனா கூடுனாலும் சங்கடம் இருக்கு. 16 இன்ச் கட்டில்ல 8 இன்ச் மெத்தை போட்டா 24 இன்ச், வயசான அம்மா ஓரத்துல உக்காந்தா கால் தரைல படாது. இப்ப சீட்டுல கட்டில் ஒசரத்தையும் கூட்டிப் பாக்கச் சொல்லி ஒரு வரி போடுறேன்.

ஃபோம் பேருல ஒரே ஒரு குழப்பம்தான் பெருசு, ‘40 டென்சிட்டி’ன்னா கெட்டின்னு நெனைக்கிறது. டென்சிட்டிங்கிறது ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கிறது, அவ்வளவுதான். ஒரே ரக ஃபோம்ல டென்சிட்டி கூடுனா பொதுவா குழி விழாம ரொம்ப நாள் நிக்கும், கெட்டியா இல்லையாங்கிறது தனி. 40 டென்சிட்டில மெதுமெதுன்னும் செய்யலாம், கெட்டியாவும் செய்யலாம். சீட்டுல ரெண்டயும் தனித்தனி வரியா எழுதுனாத்தான் தெளிவு. டென்சிட்டிய நீங்களே சரிபாக்கவும் வழி இருக்கு: 72க்கு 60, 6 இன்ச், முழுக்க ஒரே பியூ ஃபோம்னா 40 டென்சிட்டிக்கு ஃபோம் மட்டும் 17 கிலோ கிட்ட வரணும், 32ன்னா 13.6. தராசுல வச்சா உறையோட சேந்து 14 தான் காட்டுதுன்னா அது 40 இல்ல. ரீபாண்டட்டுக்கு இந்தக் கணக்க அப்படியே போடாதீக, அது ஃபோம் துண்டுகள நொறுக்கி அமுக்கி ஒட்டுனது, அதுனாலேயே கனமாவும் கெட்டியாவும் இருக்கும்.

திருமங்கலம் அண்ணனுக்கு மெத்தைய மாத்திக் குடுத்தோம், கீழ 4 இன்ச் ரீபாண்டட், மேல 2 இன்ச் லேட்டக்ஸ். லேட்டக்ஸ் சூட்டுக்கு மெமரி ஃபோம் மாதிரி இளகாது, அமுக்கி விட்டா உடனே எழும்பிரும். அதுக்கு எழுதுன சீட்டு இப்ப ஷோரூம்ல அப்படியே இருக்கு: “80 கிலோவுக்கு மேல மல்லாந்து படுக்கிறவுகளுக்கு இடுப்பு எறங்காது. 55 கிலோவுக்குள்ள ஒருக்களிச்சுப் படுக்கிறவுகளுக்கு தோள் கொஞ்சம் குத்தும், ரெண்டு பேரும் வந்து படுத்துப் பாத்துட்டு எடுங்க. கீழ 4, மேல 2. வெயில் காலத்துலயும் இதே கெட்டி.” அக்கா மட்டும் அவுக பக்கம் மேல மெலிசா ஒரு பஞ்சு விரிப்பு போட்டுக்கிட்டாக.