மாட்டுக்கறி ஆன்லைனில் வாங்குகிறீர்களா? ரூ. 3,850 போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இன்னும் கோபம் அடங்கவில்லை, அதனால் நேராகவே சொல்கிறேன். வீட்டுக்கே இறைச்சி கொண்டுவந்து தரும் ஒரு செயலியில் 3 கிலோ பிரிஸ்கெட், அதாவது நெஞ்சுக்கறி, 2 கிலோ அண்டர்கட் வாங்கினேன். மொத்தம் ரூ. 3,850, முன்பணமாகவே கட்டினேன். வந்தது பிரிஸ்கெட்டும் இல்லை, அண்டர்கட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பம் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தது. மதியத்துக்கு மெதுவாக வேகவைத்த நெஞ்சுக்கறி, ராத்திரிக்கு மிளகு போட்டுச் சட்டென்று வறுத்த அண்டர்கட் என்று முடிவு செய்திருந்தேன். இந்த இரண்டையும் மாற்றிச் செய்ய முடியாது. மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவே இருப்பது நெஞ்சுப் பகுதி. உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும் தசை என்பதால் அதில் கொலாஜன் என்கிற இணைப்புத் திசு நிறைய உண்டு. அவசரமாக வறுத்தால் ரப்பராகிவிடும். ஆனால் சின்னத் தீயில் மூன்று, நான்கு மணி நேரம் விட்டால் அந்தத் திசு கரைந்து ஜெலட்டினாகி, கறி பூப்போல ஆகிவிடும். அண்டர்கட் முதுகெலும்புக்கு அடியில் ஒட்டியிருப்பது, அதிகம் உழைக்காத தசை. கரைய அதில் ஒன்றும் இல்லை. விரல் கனத்துக்கு நறுக்கி, புகை வரும் இரும்புக்கல்லில் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போட்டால் போதும், அதற்கு மேல் போனால் வறண்டுவிடும்.

இதையெல்லாம் அவர்களிடமே தொலைபேசியில் சொல்லித்தான் வாங்கினேன். "மெதுவாக வேகவைக்கப் போகிறேன், கொழுப்பை வெட்டி எறியாமல் அனுப்புங்கள்" என்றேன். அந்தப் பக்கம் பேசியவர் ரொம்ப மரியாதையாக, "மேடம், நீங்க விஷயம் தெரிஞ்சு கேக்குறீங்க. எங்க ஆளுங்க பெரிய ஓட்டலுக்கெல்லாம் வெட்டிக் கொடுக்கிறவங்க, நானே நின்னு பேக் பண்ண வைக்கிறேன்" என்றார். செயலியில் போட்டிருந்த படத்திலும் மேலே ஒரு விரல் கனத்துக்கு வெள்ளைக் கொழுப்போடு அழகான நெஞ்சுக்கறி. அந்தப் பேச்சை நம்பித்தான் அங்கேயே பணம் கட்டினேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் கொழுப்பைக் காணவில்லை. உடனே கூப்பிட்டேன். "கொஞ்சம் க்ளீன் பண்ணியிருப்பாங்க மேடம், கறி பிரிஸ்கெட்தான்" என்று அடித்துச் சொன்னார்கள். விருந்தாளிகள் வீட்டில் இருக்கிறார்கள், அடுப்பில் ஏற்றினேன். வெங்காயம், மிளகு, பட்டை, கொஞ்சம் வினிகர், மூடி போட்டுச் சின்னத் தீ. மூன்றரை மணி நேரம் கழித்து முள்கரண்டியால் குத்தினால் கறி நார் நாராகப் பிரிந்தது, ஆனால் வாயில் போட்டால் ஈரமே இல்லை, மரத்தூளை மெல்வதுபோல இருந்தது. உண்மையான நெஞ்சுக்கறி இப்படி ஆகாது. மிஞ்சிய குழம்பை ராத்திரி குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். நெஞ்சுக்கறிக் குழம்பாக இருந்திருந்தால் காலையில் தளதளவென்று கட்டியாக உறைந்திருக்கும், கரைந்த ஜெலட்டின் அதைத்தான் செய்யும். இது தண்ணீராகவே ஆடியது. வேகவைத்ததில் கொழுப்பும் இல்லை, கரையக்கூடிய திசுவும் போதவில்லை, நீர் மட்டும் வெளியே போயிருக்கிறது. பின்தொடைக்கறிதான் இப்படி நடந்துகொள்ளும்.

அண்டர்கட் கதை இன்னும் மோசம். கல்லில் போட்ட துண்டுகள் ஓரமெல்லாம் சுருண்டு கிண்ணம்போல வளைந்தன. அப்போதுதான் நறுக்காமல் வைத்திருந்த இன்னொரு துண்டை வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் கூம்பாக, வெளியிலிருந்து பார்க்க அண்டர்கட் மாதிரியேதான் இருந்தது. குறுக்கே வெட்டினால் நட்டநடுவில் வெள்ளையாக ஒரு ஜவ்வுக் கோடு, முனை வரை ஓடுகிறது. அண்டர்கட்டுக்குள் அப்படி ஒரு கோடு கிடையவே கிடையாது. சூடு பட்டதும் அந்த ஜவ்வு சுருங்குகிறது, அதுதான் கறியையும் இழுத்து வளைக்கிறது. பிள்ளைகள் மென்று மென்று துப்பினார்கள்.

மறுநாள் தெருக்கோடிக் கறிக்கடை பாயிடம் இரண்டிலும் ஒரு துண்டு கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கிய மாத்திரத்தில், "இது தொடைக்கறிம்மா. இன்னொண்ணு சப்பை எலும்பு மேல ஒட்டியிருக்கிற கறி, குழம்புக்குப் போடுறது" என்றார். சப்பைக்கறி நல்ல கறிதான், குக்கரில் வேகவைத்தால் அந்த ஜவ்வே ருசி கொடுக்கும். ஆனால் அதை அண்டர்கட் விலைக்கு விற்பது திருட்டு.

சரி, அப்புறம் புகார். செயலியில் படத்தோடு எழுதினேன். "24 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்" என்றார்கள், கொள்ளவில்லை. நானே கூப்பிட்டபோது, "சமைச்ச கறிக்குப் பணம் திரும்பத் தர்றதில்ல மேடம்." நறுக்காத துண்டு அப்படியே இருக்கிறதே என்றேன். "பேக் பிரிச்சாச்சே." பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? இன்னொருவர் லைனில் வந்து, "தீ ஜாஸ்தி வச்சிருப்பீங்க, அதான் கறி கெட்டியாயிருக்கும்" என்று எனக்குச் சமையல் பாடம் எடுத்தார். முன்பு அவ்வளவு மரியாதையாகப் பேசியவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டாராம். கடைசியில் அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள 200 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள். 3,850 ரூபாய்க்கு 200 ரூபாய், அதுவும் மறுபடி அவர்களிடமே வாங்கினால்!

வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். மெதுவாக வேகவைக்கத்தான் வேண்டும் என்றால் முன்னங்கால் கறியை எலும்போடு வட்ட வட்டமாக அறுத்துக் கேளுங்கள், அல்லது விலா எலும்போடு வாங்குங்கள். இரண்டிலும் நெஞ்சுக்கறி போலவே கொலாஜன் நிறைய, குழம்பும் கெட்டியாக வரும். நடுவில் மஜ்ஜை தெரியும் உருண்டை எலும்போ, பட்டையான விலா எலும்போ இருந்தால் எலும்பில்லாத தொடைக்கறியைத் தலையில் கட்ட முடியாது. எலும்பில்லாத கறியில்தான் ஏமாற்று நடக்கிறது.

நெஞ்சுக்கறி என்றால் முழுத்துண்டாக வாங்குங்கள், ஒரு பக்கமாவது கொழுப்புப் படலம் இருக்க வேண்டும். அண்டர்கட்டை நறுக்கித் தரச் சொல்லவே சொல்லாதீர்கள், துண்டு துண்டாகப் போட்ட பிறகு எது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டில் நடுவே ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள், கோடு தெரிந்தால் கல்லில் போடாமல் அப்படியே படம் எடுத்து வையுங்கள். பொட்டலம் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முன்பணம் கட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். நறுக்காத துண்டு ஃப்ரீசரில் இருக்கிறது, 3,850 ரூபாயும் கைக்கு வரும்வரை அதைத் தூக்கிப் போடப்போவதில்லை.