வாய்ஸ்மெயிலுக்குப் பின்னாலேயே ஒரு மெயில்: ஒரு மெர்ச்சன்டைசரின் அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைப் பேசி முடித்துக் கொடுக்கும் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். எங்களிடம் ஆடை வாங்கும் என் பையர் இருப்பது நியூயார்க்கில். அவர் ஆபீஸுக்கு வரும் நேரம் நமக்கு மாலை ஏழு மணி ஆகிவிடும். கூப்பிட்டால் பெரும்பாலும் வாய்ஸ்மெயில்தான். முன்பெல்லாம் எங்கள் ஆபீஸில் எல்லாக் கதையையும் அதில் சொல்லிவிட்டு, மறுநாள் தனியாக ஒரு மெயிலும் போடுவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு வழியே இருக்காது. சில வருடங்களாக நான் குரலுக்கு ஒரு வேலை, மெயிலுக்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

ஃபோன் போடுவதற்கு முன்பே மெயிலை எழுதி டிராஃப்ட்டில் வைத்துவிடுவேன். அவர் எடுத்தால் அதைப் பார்த்தே பேசலாம். எடுக்காவிட்டால் மேலே ஒரு வரி சேர்த்து, ஐந்து நிமிடத்துக்குள் அனுப்பிவிடலாம். இந்த வேகம் முக்கியம். அவர் ஃபோனில் தெரிவது +91 என்று தொடங்கும் யாரோ ஒருவரின் மிஸ்டு கால். பலர் அதை விளம்பர அழைப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள். அடுத்த நிமிடமே மெயில் வந்து நின்றால் அந்த நம்பர் யாருடையது என்று புரிந்துவிடும்.

ஒரு உதாரணம். நேவி ப்ளூ டி-ஷர்ட் ஆர்டர். மொத்தத் துணிக்கும் சாயம் போடும் முன் நிறத்தைக் காட்ட அனுப்பும் சிறு மாதிரிதான் லேப் டிப். அதில் ஏ, பி, சி என்று மூன்று ஷேடு அனுப்பியாயிற்று, ஒப்புதல் வரவில்லை. சாயம் போடும் டையிங் யூனிட்டில் நமக்கு ஒதுக்கிய நாள் ஜூன் 11, வியாழன். செவ்வாய் மாலை 7.40க்குக் கூப்பிடுகிறேன், அங்கே காலை 10.10. வாய்ஸ்மெயிலில் என் பெயர், கம்பெனி, அந்தப் பர்ச்சேஸ் ஆர்டரின் பி.ஓ. நம்பர் ஒவ்வோர் இலக்கமாக, "நேவி லேப் டிப்புக்கு உங்கள் நேரப்படி புதன் மாலைக்குள் பதில் வேண்டும், விவரம் மெயிலில், சப்ஜெக்டில் இதே பி.ஓ. நம்பர்" என்று மட்டும் சொல்வேன். இருபது வினாடி போதும். ஷேடு விவரம் எதுவும் அதில் வராது. இப்போது நிறைய பேர் வாய்ஸ்மெயிலைக் கேட்பதில்லை, ஃபோன் எழுத்தாக மாற்றிக் காட்டுவதைத்தான் படிக்கிறார்கள். நம் ஆங்கில உச்சரிப்பில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அதில் இடம் மாறிவிடும்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

சப்ஜெக்ட்: பி.ஓ. 4471, நேவி லேப் டிப், ஜூன் 10 புதனுக்குள் ஒப்புதல் தேவை

"இன்று உங்கள் நேரம் காலை 10.10க்கு இது பற்றி வாய்ஸ்மெயில் விட்டிருந்தேன். நீங்கள் தந்த ஸ்வாட்ச் துணித் துண்டின் நிறத்துக்கு மிக நெருக்கமாக இருப்பது பி. ஏ, பி, சி என்று ஓர் எழுத்தைப் பதிலாக அனுப்பினால் போதும், திருப்பிக் கூப்பிட வேண்டாம். உங்கள் நேரப்படி புதன் மாலை 5 மணிக்குள் வந்தால் எங்கள் வியாழன் காலை சாயம் போடத் தொடங்குவோம். பேச வேண்டுமென்றால் உங்கள் நேரப்படி புதன் காலை 9 முதல் 11 வரை இருப்பேன்."

"திருப்பிக் கூப்பிட வேண்டாம்" என்ற அந்த வரிக்குத்தான் வேகமாகப் பதில் வருகிறது. இந்தியாவுக்கு ஃபோன் போடுவது அவருக்குச் சங்கடம். ஓர் எழுத்து தட்டுவதில் சங்கடம் இல்லை. அப்புறம், "நாளைக்குள்" என்று எழுதவே மாட்டேன். யாருடைய நாளை? 11/6 என்றும் எழுத மாட்டேன். அமெரிக்காவில் அது நவம்பர் 6. குரலில் சொன்ன கெடுவும் மெயிலில் உள்ள கெடுவும் ஒன்றாக இருக்கிறதா என்று அனுப்பும் முன் பார்த்துக்கொள்வேன். இரண்டும் வேறானால் "எது சரி?" என்று பதில் வரும், அதிலேயே ஒரு நாள் போய்விடும்.

இந்த மெயிலில் அவருடைய மேலாளரைச் சிசியில் போடக்கூடாது என்பது என் கருத்து. ஃபோனை எடுக்கவில்லை என்று புகார் சொல்வது போல ஆகிவிடும்.

நேர்மாறாக, இரவு அவர் கூப்பிட்டு நாம் தூங்கிவிட்டால் காலையில் திருப்பிக் கூப்பிட முடியாது. நமக்கு எட்டு மணி, அவருக்கு முந்தைய நாள் இரவு பத்தரை. "எதற்குக் கூப்பிட்டீர்கள்?" என்று மட்டும் மெயில் போட்டால் வேலை மறுபடி அவர் தலையில் விழும். நிலுவையில் இருப்பது எது என்று நமக்கே தெரியுமே. "ஷிப்மென்ட் தேதி பற்றியென்றால் அதில் மாற்றமில்லை. வேறு விஷயமென்றால் ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டாலும் உங்கள் நேரம் காலை 9.30க்குக் கூப்பிடுகிறேன்" என்று எழுதுவேன். சொன்ன நேரத்தில் கூப்பிடவும் வேண்டும்.

இழப்பீடு கேட்கும் கிளெய்ம், விலைக்குறைப்பு போன்ற விஷயங்களுக்கு இந்த முறை சரிப்படாது. மெயிலை யாருக்கு வேண்டுமானாலும் ஃபார்வர்ட் செய்யலாம் என்பதால், அப்போது பி.ஓ. நம்பரையும் பேச வசதியான இரண்டு நேரங்களையும் மட்டும் எழுதுவேன். தொகை எதையும் பேசி முடித்த பிறகுதான் எழுத்தில் கொண்டுவருவது.