முன்னறிவிப்பில்லாத இலவசப் பகிர்வும் புள்ளிமுறைப் பகிர்வும்

2020 செப்டம்பரில் கிரிப்டோ பரிமாற்றத் தளமான யூனிஸ்வாப், அம்மாதம் 1ஆம் தேதிக்கு முன் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு கிரிப்டோ பணப்பை முகவரிக்கும் 400 யூனி டோக்கன்களை இலவசமாக ஒதுக்கியது; ஒரே ஒரு பரிமாற்றம் செய்தவருக்கும் அளவு அதுவே. அதன் நிரலை நகலெடுத்த சுஷிஸ்வாப், டோக்கன் வெகுமதி காட்டி யூனிஸ்வாப்பில் நிதி வைத்திருந்தோரை இழுத்துக்கொண்டிருந்த வேளையில், பயனர்களை வாக்குரிமையுள்ள பங்காளிகளாக்கித் தக்கவைக்க இது உதவியது.

ஆனால் அப்பரிசைக் கண்டவர்கள், அடுத்தடுத்த திட்டங்களில் ஒருவரே பல முகவரிகளைத் திறந்து காத்திருக்கலாயினர். எனவே 2023இல், எத்தீரியம் பிளாக்செயினின் மேல் இயங்கும் வலையமைப்பான ஆர்பிட்ரம் புள்ளிமுறையை நாடியது: எத்தனை மாதங்களில் பரிவர்த்தனை நடந்தது, எவ்வளவு மதிப்பு நகர்ந்தது என்பன போன்றவற்றை எடைபோட்டு, குறைந்தது 3 புள்ளிகள் பெற்ற முகவரிகளுக்கே டோக்கன் தந்தது; எல்லாவற்றையும் 48 மணி நேரத்துக்குள் முடித்த முகவரிக்கு ஒரு புள்ளி குறைந்தது. நீண்டகாலப் பயனரை மதிப்பதில் இதுவே நேர்மையானது என்பேன். எனினும், மாதந்தோறும் பொறுமையாக இயக்கப்பட்ட போலி முகவரிகளை இதுவும் முழுமையாகத் தடுக்கவில்லை.