ஏழு வாய்களை வைத்து ஒரு தொடர்: சிக்கன அனிமேஷனில் கிடைத்த அனுபவம்

கும்பகோணத்தில் மூன்று பேராக ஒரு சிறிய அனிமேஷன் கூடம் நடத்துகிறோம். வயலும் வாய்க்காலும் பம்புசெட்டும் வரும் சிறுவர் தொடர் ஒன்றைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். ஓர் அத்தியாயம் ஐந்து நிமிடம். விநாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் அது 7,200 பிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம் நிறுத்தினாலும் 3,600 படங்கள் வேண்டும். எங்கள் கைகளுக்கும் எங்களுக்குக் கிடைக்கும் பணத்துக்கும் அது நடக்காத காரியம். ஆகவே வரைந்ததைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஹன்னா-பார்பெரா நிறுவனம் 1957-லும், ஜப்பானின் ஒசாமு தெசுகா 1963-லும் தொலைக்காட்சி அனிமேஷன் தொடர்களைத் தொடங்கியது இதே வழியில்தான். கேள்வி ஒன்றுதான்: மலிவாகத் தெரியாமல் எப்படிச் செய்வது?

பயன்படுத்திப் பார்த்ததில் எனக்கு உறுதியான ஒன்றைச் சொல்கிறேன். படங்கள் குறைவாக இருப்பதைப் பார்வையாளர் கவனிப்பதில்லை. வாய் பொய் சொல்வதை உடனே கவனித்துவிடுவார். அதிலும் தமிழ் பேசும் வாயை ஆங்கிலத்துக்கென்று போட்ட அட்டவணையை வைத்து அசைத்தால் ஒரு குழந்தைகூட ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிடும். அதனால் வாயைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

எங்களிடம் ஏழு வாய்கள் இருக்கின்றன. மூடிய வாய் ப, ம இரண்டுக்கும். சற்றே திறந்து பல் தெரியும் வாய் இகரத்துக்கும் பெரும்பாலான மெய்களுக்கும். நடுத்திறப்பு அகரத்துக்கும் எ, ஏ இரண்டுக்கும். அகலத் திறப்பு ஆகாரத்துக்கு. வட்டம் ஒ, ஓ இரண்டுக்கும். குவிந்த உதடு உ, ஊ இரண்டுக்கும். மேற்பல் கீழுதட்டைத் தொடும் வாய் வகரத்துக்கு. ட, ண, ழ எல்லாம் நாக்கின் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆகவே இந்த ஒலிகளுக்குத் தனி வாய் தேவைப்படவில்லை. ஐகாரத்துக்கு நடுத்திறப்பிலிருந்து பல் தெரியும் வாய்க்குப் போனால் போதும்.

இதுவரை எளிது. சிக்கல் சொல்லின் இறுதியில் வருகிறது. ‘மாடு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் புதிதாகச் சேரும் ஓவியர் கடைசியில் குவிந்த உதட்டை வைப்பார். ஆனால் அது குற்றியலுகரம். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள், உதடு குவியாது. ‘புலி’ என்னும்போது குவியும். ‘மாடு’, ‘பாட்டு’, ‘ஆறு’ என்னும்போது குவியாது. தமிழில் குற்றியலுகரத்தில் முடியும் சொற்கள் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் உதட்டைக் குவித்தால், பாத்திரம் வரிக்கு வரி விளக்கை ஊதி அணைப்பது போல இருக்கும். இந்த இடங்களில் பல் தெரியும் வாயை வையுங்கள்.

அடுத்தது இறுதி மகரம். ‘வரும்’, ‘மரம்’ என்று மேடையில் ஒருவர் நிறுத்திச் சொன்னால் உதடு மூடும். எங்கள் அப்பாயி பாத்திரம் பேசுவது மேடைத் தமிழ் அல்ல. பேச்சில் அந்த மகரம் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது, உதடு ஒட்டுவதே இல்லை. அவருக்குக் குரல் கொடுக்கும் பாட்டியின் முகத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து, பிரேம் பிரேமாக ஓட்டிப் பார்த்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் விதி: எழுத்தைப் பார்த்து வாய் வைக்கக் கூடாது, ஒலியைக் கேட்டு வைக்க வேண்டும். வகுப்பில் வாத்தியார் பாடம் படிக்கும் காட்சியில் மகரத்துக்கு வாயை மூடுகிறோம். திண்ணையில் அப்பாயி பேசும்போது மூடுவதில்லை. அந்த வேறுபாடே பாத்திரத்துக்கு ஒரு குணத்தைக் கொடுத்துவிடுகிறது, கூடுதலாக ஒரு படம்கூட வரையாமல்.

இனி ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பையன் கேட்கிறான்: “அப்பா, மாடு எங்கே?” ஏறக்குறைய ஒன்றரை விநாடி. அகரத்துக்கு நடுத்திறப்பு, 1, 2 பிரேம்கள். இரட்டைப் பகரத்துக்கு மூடிய வாய், 3 முதல் 6 வரை. பாவுக்கு அகலத் திறப்பு 7 முதல் 12 வரை, 13, 14-இல் நடுத்திறப்புக்கு இறங்கும். மகரத்துக்கு 15, 16-இல் மூடுகிறது. 17 முதல் 22 வரை மறுபடி அகலத் திறப்பு. டுவுக்குப் பல் தெரியும் வாய், 23 முதல் 26 வரை. எகரத்துக்கு நடுத்திறப்பு 30 வரை, ஙகரத்துக்குப் பல் தெரியும் வாய் 32 வரை, கேவுக்கு மறுபடி நடுத்திறப்பு 38 வரை. பத்து மாற்றங்கள், பயன்பட்டவை நான்கே வாய்கள். உகர வாய் இந்த வரியில் எட்டிப் பார்க்கவே இல்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒற்றை மகரத்துக்கு இரண்டு பிரேம், இரட்டைப் பகரத்துக்கு நான்கு. மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்ற பள்ளிக்கூடத்துக் கணக்கு இங்கே நேராகப் பிரேம்களுக்குப் பொருந்தாவிட்டாலும், எது நீளும், எது குறுகும் என்று காட்டிவிடுகிறது. இரட்டை மெய்யில் உதடு ஒட்டி நிற்கவில்லை என்றால் ‘அப்பா’ என்பது கண்ணுக்கு ‘அபா’ என்று கேட்கும். இன்னொன்று, மூடிய வாயை ஒலிக்கு ஒரு பிரேமோ இரண்டு பிரேமோ முன்னதாகவே வைக்க வேண்டும். உதடு ஒட்டிப் பிரிந்த பிறகுதானே ஒலி வெளியே வருகிறது? சரியாக ஒலியின் மேலேயே வைத்தால் வாய் பின்தங்கியதாகத் தெரியும். மூடிய வாய் இரண்டு பிரேமுக்குக் குறைந்தால் கண் அதைப் பிடிக்காது. பக்கத்து உயிரிலிருந்து ஒரு பிரேமைத் திருடியாவது அதற்குக் கொடுங்கள்.

நாங்கள் ஓபன்டூன்ஸில் வேலை செய்கிறோம். 2016-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட இலவச மென்பொருள் அது. ஏழு வாய்களையும் லெவல் என்ற ஒரே படத்தொகுப்பில் 1 முதல் 7 வரை வரிசையாக வைத்துவிட்டால், எந்தப் பிரேமில் எந்தப் படம் என்று குறிக்கும் எக்ஸ்ஷீட்டில் எண்ணை மாற்றினால் வாய் மாறும். முதல் வரைவுக்கு ரூபார்ப் லிப் சிங்க் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்துகிறோம். அதன் வழக்கமான முறை ஆங்கிலத்துக்கானது. எந்த மொழிக்கும் ஒத்துவரும் முறையைக் கேட்டு வாங்க வேண்டும்:

```
rhubarb -r phonetic -o appayi.tsv appayi.wav
```

நேரமும் வாய்க்குறியும் கொண்ட ஒரு பட்டியல் வரும். அதை நாற்று என்று எடுத்துக்கொண்டு, மூடும் இடங்களை மட்டும் காதால் கேட்டுக் கையால் நட்டுவிடுகிறோம். ப, ம சரியாக இருந்தால் நடுவில் உள்ளவற்றைக் கண் மன்னித்துவிடும்.

எப்போதும் ஏழு வாய்களும் தேவையா என்றால், இல்லை. ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களில் மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என்று மூன்றே வாய்களால் பேசவைக்கும் வழக்கம் உண்டு. அங்கே பெரும்பாலும் படம் முடிந்த பிறகே குரலைப் பதிவு செய்கிறார்கள், அதனால் அது பொருந்துகிறது. நாங்கள் குரலை முதலில் பதிவு செய்கிறோம். ஆகவே முகம் திரையை நிறைக்கும்போது ஏழு. வரப்பில் தூரத்தில் நின்று கத்தும்போது மூன்று. பம்புசெட் தொட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தால் வாயே வேண்டாம்.

இப்போது நிலைப்படத்துக்கு வருவோம். உடலையும் தலையையும் அப்படியே நிறுத்திவிட்டு வாயை மட்டும் அசைப்பதுதான் மலிவின் முதல் அடையாளம். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. திரையில் வாய் இருக்கும் இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு ஓட்டுங்கள். முகம் செத்துக் கிடந்தால் அந்தக் காட்சி தேறவில்லை. முகத்துக்கு உயிர் கொடுக்க நிறைய வரையத் தேவையில்லை. அகலத் திறப்பில் மட்டும் தாடையையும் சேர்த்து வரைந்து, மோவாய் கீழே இறங்கும்படி செய்யுங்கள். அழுத்தம் விழும் சொல்லுக்கு ஒரே ஒரு முறை தலை இறங்கி ஏறட்டும். ஒவ்வோர் அசைக்கும் தலையாட்டினால் தஞ்சாவூர்ப் பொம்மை ஆகிவிடும். கண்சிமிட்டலை வரியின் நடுவில் வைக்காமல், பாத்திரம் எண்ணத்தை மாற்றும் இடத்தில் வையுங்கள். பாதி, மூடியது, பாதி என்று ஆறு பிரேம் போதும்.

பாத்திரம் பேசாமல் நிற்கும் நிலைப்படம் வேறு வகை. பிலிமில் என்றால் அதன் நுண்துகள்களின் அசைவாவது இருந்தது. கணினியில் நின்றால் முற்றிலும் நின்றுவிடும். எங்கள் கண்ணுக்கு ஒரு விநாடி வரை தாங்குகிறது. அதற்கு மேல் போனால், நிலைக்கு வந்து சேரும் கடைசி இரண்டு மூன்று படங்களில் துண்டின் முனையோ குடுமியோ எட்டு பிரேம் தாமதமாக வந்து அமரும்படி செய்கிறோம். அப்பாயிக்கு வெற்றிலை மெல்லும், திரும்பத் திரும்ப ஓடும் சுழற்சி ஒன்று நான்கு படங்களில் இருக்கிறது, தாடை பக்கவாட்டில் போய்வரும். அவர் காது கொடுத்துக் கேட்கும் காட்சிகள் பெரும்பாலும் அதை நம்பித்தான் ஓடுகின்றன.

தலையைத் தனி லேயராக வைப்பதால் கழுத்தில் வெட்டு தெரியும். ஹன்னா-பார்பெரா பாத்திரங்களுக்கு டையும் காலரும் அந்த வெட்டை மறைத்தன. எங்கள் விவசாயிக்குத் தோளில் சுற்றிய துண்டு. தலையை இடம் வலமாகத் திருப்பிப் பயன்படுத்துவதும் பெரிய சேமிப்பு, ஆனால் உடலைத் திருப்பாதீர்கள். மாராப்பு வலத்தோளுக்குப் போய்விடும், ஊரே சிரிக்கும். அப்பாயிக்கு இரண்டு மூக்கிலும் மூக்குத்தி வைத்தது இதற்காகத்தான். ஒற்றை மூக்குத்தி போட்ட மருமகளுக்கு அது தனி லேயரில் இருக்கிறது.

நடைச் சுழற்சியைப் பற்றி எழுதாதவர் இல்லை, ஒன்றைச் சொல்லி நகர்கிறேன். ஓர் அடிக்கு 12 பிரேம், அடியின் நீளம் 240 பிக்சல் என்றால் பின்னணி பிரேமுக்கு 20 பிக்சல் நகர வேண்டும். நடை இரண்டு பிரேமுக்கு ஒரு படமாக இருந்தால் பின்னணியையும் இரண்டு பிரேமுக்கு ஒருமுறை 40 பிக்சலாக நகர்த்துங்கள். இல்லாவிட்டால் ஊன்றிய கால் வரப்பில் வழுக்கும். திரும்பத் திரும்ப வரும் பின்னணியில் நாற்றும் நீரும் இருக்கலாம். வளைந்த தென்னை ஒன்று இருந்தால் இரண்டாம் சுற்றிலேயே பிடிபட்டுவிடும். அதைத் தனி லேயரில் ஒருமுறை மட்டும் கடந்துபோக விடுகிறோம்.

இந்த முறைக்கு ஒத்துவராதது பாட்டு. தாலாட்டில் ஓகாரம் இரண்டு விநாடி நீளும்போது வட்ட வாய் ஒன்றையே நிறுத்தினால் மூச்சே இல்லாதது போல் இருக்கிறது. அங்கே ஏழு வாய்களை ஒதுக்கிவிட்டு, தாடை, கன்னம், தொண்டை எல்லாம் அசைய முழு முகத்தையும் வரைகிறோம். பேச்சில் மிச்சம் பிடித்த படங்களெல்லாம் அந்த அரை நிமிடத்தில்தான் செலவாகின்றன.